கடைசியில் மிஞ்சும் இரண்டு விடைகள்: சட்டக் கொள்குறி வினாவை விதியோடு உரசிப் பார்ப்பது எப்படி?

அகில இந்திய பார் தேர்வுக்குத் தயாராகும் கடலூர் இளம் வழக்கறிஞர்களும், காலாப்பட்டு சட்டக் கல்லூரியில் படிக்கும் புதுச்சேரி மாணவர்களும் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். “நாலு விடையில ரெண்ட ஈஸியா அடிச்சிடறேன். மிச்சம் ரெண்டுல எப்பவும் தப்பானதத்தான் தொடறேன்.” இதற்கு இன்னும் நிறைய படிக்க வேண்டும் என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். என் அனுபவத்தில், இந்த இடத்தில் சறுக்குகிறவர்களுக்கு விதி தெரிந்தே இருக்கிறது. விடையைப் படிக்கும்போது அந்த விதியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. எந்த விடை சட்டம் பேசுவது போல ஒலிக்கிறதோ அதைத் தொட்டுவிடுகிறார்கள்.

எல்லாப் பாடத்துக்கும் பொதுவாகச் சொன்னால் இது பிடிபடாது. அதனால் திருட்டு என்ற ஒரே குற்றத்தை எடுத்துக்கொண்டு முழுதாகச் செய்து காட்டுகிறேன். எல்லோருக்கும் தெரிந்த குற்றம் என்பதாலேயே திருட்டில்தான் மயக்கும் விடைகள் அதிகம்.

முதலில் விதியைக் கேள்விகளாக உடையுங்கள்

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவாக இருக்கிறது. எண் மாறினாலும் திருட்டு என்றால் என்ன என்பதன் உள்ளடக்கம் மாறவில்லை. அந்த நீண்ட வாக்கியத்தை அப்படியே மனப்பாடம் செய்திருந்தால் தேர்வறையில் அது ஒரே கட்டியாகத்தான் நினைவுக்கு வரும். கட்டியாக இருப்பதை வைத்துச் சோதிக்க முடியாது. அதனால் ஐந்து கேள்விகளாக உடைத்துக்கொள்ளுங்கள்.

1. அது அசையும் பொருளா?
2. அது இன்னொருவர் கைவசம் இருந்ததா?
3. அவர் சம்மதம் இல்லாமல் எடுக்கப்பட்டதா?
4. எடுத்தவருக்கு நேர்மையற்ற எண்ணம் இருந்ததா?
5. அப்படி எடுப்பதற்காகப் பொருளை நகர்த்தினாரா?

ஐந்துக்கும் ‘ஆம்’ வந்தால் திருட்டு. ஒன்றுக்கு ‘இல்லை’ வந்தாலும் திருட்டு இல்லை. வேறு குற்றமாக இருக்கலாம், குற்றமே இல்லாமலும் போகலாம்.

இரண்டாம் கேள்வியை மறுபடி படியுங்கள். ‘யாருக்குச் சொந்தம்’ என்று அதில் இல்லை, ‘யார் கைவசம்’ என்றுதான் இருக்கிறது. நான்காம் கேள்விக்கும் சட்டமே விளக்கம் தருகிறது. ஒருவருக்கு முறையற்ற ஆதாயமோ இன்னொருவருக்கு முறையற்ற இழப்போ உண்டாக்கும் எண்ணம்தான் நேர்மையின்மை. ஆதாயம் என்றே இருக்க வேண்டியதில்லை, அடுத்தவருக்கு இழப்பு உண்டாக்கும் எண்ணம் இருந்தாலும் போதும். ஒருவருக்குச் சட்டப்படி உரிய பொருளிலிருந்து அவரை முறையின்றி விலக்கி வைத்தால் அதுவும் இழப்புதான். மயக்கும் விடைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே கட்டப்படுகின்றன.

விடைகளைப் பார்க்கும் முன் சம்பவத்தைப் பாருங்கள்

பயிற்சிக்காக நானே எழுதிய ஒரு கேள்வி இது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மெக்கானிக் கடை வைத்திருப்பவர் தங்கராசு. செல்வம் தன் மோட்டார் சைக்கிளை என்ஜின் வேலைக்காக அங்கே விட்டார். வேலை முடிந்தது, கூலி 3,200 ரூபாய். பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்ளும்படி தங்கராசு சொன்னார். அன்றிரவு செல்வம், கூலி கொடுக்காமல் தப்பிக்கும் எண்ணத்தோடு, கடையின் தகரக் கொட்டகையில் நின்ற வண்டியைத் தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் எடுத்துக்கொண்டு போய்விட்டார். செல்வம் செய்தது:

அ) திருட்டு அல்ல, ஏனெனில் வண்டி அவருடைய சொந்தப் பொருள்.
ஆ) திருட்டு அல்ல, ஏனெனில் கூலி பாக்கிக்காகத் தங்கராசு சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம்.
இ) திருட்டு, ஏனெனில் இன்னொருவர் கைவசம் இருக்கும் பொருளை அவர் சம்மதம் இல்லாமல் எடுத்துச் சென்றாலே அது திருட்டு.
ஈ) திருட்டு, ஏனெனில் கூலிக்காகத் தங்கராசு சட்டப்படி தன்னிடம் நிறுத்தி வைத்திருந்த வண்டியை, அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு செல்வம் எடுத்தார்.

விடைகளை ஒரு தாளால் மறைத்துவிட்டு, ஐந்து கேள்விகளையும் சம்பவத்திடம் மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் சம்பவத்தின் எந்த வரி ஆதாரம் என்று விரலை வைக்க வேண்டும். வைக்க வரி இல்லையென்றால், அந்தப் பதிலை நீங்களாகக் கற்பனை செய்துகொண்டீர்கள் என்று அர்த்தம்.

வண்டி அசையும் பொருள், சரி. கடைக் கொட்டகையில் நின்றது, அதனால் தங்கராசின் கைவசம். ‘பணத்தைக் கொடுத்துவிட்டு’ என்று சொன்னதால் சும்மா எடுத்துப் போகச் சம்மதம் இல்லை. ஓட்டிக்கொண்டு போனதால் நகர்த்தலும் ஆயிற்று. மிச்சம் இருப்பது நேர்மையற்ற எண்ணம். ‘கூலி கொடுக்காமல் தப்பிக்கும் எண்ணத்தோடு’ என்ற வரி அதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது மட்டும் போதாது. வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தங்கராசுக்குச் சட்டப்படி உரிமை இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். இருந்தது. ஒப்படைத்த பொருளின் மேல் உழைப்போ திறமையோ செலவிட்டவர், கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடமே நிறுத்தி வைக்கலாம் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவு சொல்கிறது; வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் மட்டும் அது பொருந்தாது. ஆக, செல்வம் தன் வண்டியை எடுத்தாலும் தங்கராசுக்கு உரிய ஒன்றை முறையின்றிப் பறித்திருக்கிறார். ஐந்துக்கும் ‘ஆம்’ வந்துவிட்டது.

இவ்வளவையும் விடைகளைத் திறக்காமலே செய்துவிட்டோம் என்பதைக் கவனியுங்கள். முதலில் விடையைப் படித்தால், சம்பவத்தை அந்த விடையின் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்போம். ‘சொந்தப் பொருள்’ என்று படித்த பிறகு ‘தன் மோட்டார் சைக்கிள்’ என்ற மூன்று சொற்கள்தான் கண்ணில் படும்.

விடையை முடிவு, காரணம் என்று பிரியுங்கள்

இனி தாளை எடுக்கலாம். ஒவ்வொரு விடையிலும் ‘ஏனெனில்’ என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு முன்னால் இருப்பது முடிவு, பின்னால் இருப்பது காரணம். பலர் முடிவை மட்டும் பார்த்து அ, ஆ இரண்டையும் அடித்துவிட்டு, இ, ஈ இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுகிறார்கள். இரண்டும் ‘திருட்டு’ என்றே சொல்வதால் ஏதோ ஒன்றைத் தொடுகிறார்கள். கேள்வி எழுதியவர் எதிர்பார்த்ததும் அதைத்தான். மதிப்பெண் காரணத்தில்தான் இருக்கிறது.

காரணத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். அது சொல்லும் சட்டம் உண்மையா? அது சொல்லும் செய்தி சம்பவத்தில் இருக்கிறதா? இரண்டும் சரியென்றாலும், அந்தக் காரணம் அந்த முடிவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா?

‘அ’வை எடுங்கள். வண்டி செல்வத்தின் சொந்தப் பொருள் என்பது உண்மை, சம்பவத்திலும் இருக்கிறது. ஆனால் சொந்தக்காரர் எடுத்தால் திருட்டாகாது என்று ஐந்து கேள்விகளில் எதிலும் இல்லை. விதியில் இல்லாத ஒரு நிபந்தனையை இந்த விடை தானாகச் சேர்த்துக்கொள்கிறது. பழுதுபார்த்த கூலி பாக்கி இருக்கும்போது கடைக்காரரிடமிருந்து தன் கைக்கடிகாரத்தையே நேர்மையின்றி எடுப்பவர் திருடுகிறார் என்பது 303ஆம் பிரிவிலேயே எடுத்துக்காட்டாக இருக்கிறது.

‘ஆ’ இன்னும் நுட்பமானது. கூலிக்காகச் சிவில் வழக்குப் போடலாம் என்பது சரியான சட்டம்தான். புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் அதில் தவறு என்று சுட்டிக்காட்ட எதுவுமே இல்லை. ஆனால் மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள். சிவில் வழக்குப் போட வழி இருப்பதால் குற்றம் இல்லாமல் போய்விடுமா? ஒரே செயல் சிவில் பொறுப்பையும் குற்றப் பொறுப்பையும் சேர்த்தே உண்டாக்கலாம். காரணம் உண்மையாக இருந்தும் முடிவைத் தாங்கவில்லை. உண்மையான வாக்கியம் என்பதற்காக ஒரு விடைக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள்.

கடைசி இரண்டைப் பிரிக்க ஒரு செய்தியை மாற்றுங்கள்

இனி இ, ஈ. இரண்டின் முடிவும் ஒன்றே. ‘இ’யில் விதியின் நான்காவது கேள்வி காணாமல் போயிருக்கிறது, அதாவது நேர்மையற்ற எண்ணம். ஐந்து கேள்விகளை எழுதி வைத்திருந்தால் இதை நேராகவே பிடித்துவிடலாம். ஆனால் தேர்வு நேரத்தில் ‘எண்ணம்தான் சம்பவத்திலேயே இருக்கிறதே, இந்த விடை அதைச் சொல்லாவிட்டால் என்ன’ என்று மனம் சமாதானம் தேடும். அப்போது செய்ய வேண்டியது ஒன்று: சம்பவத்தில் ஒரே ஒரு செய்தியை மாற்றிப் பாருங்கள்.

செல்வம் காலையிலேயே 3,200 ரூபாயையும் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தங்கராசு ஏதோ கோபத்தில் வண்டியைத் தர மறுக்கிறார். செல்வம் கடைக்குள் போய்த் தன் வண்டியை எடுத்து வந்துவிடுகிறார். இப்போது பாக்கி இல்லை, அதனால் வண்டியை நிறுத்தி வைக்கத் தங்கராசுக்கு உரிமையும் இல்லை. செல்வத்துக்குக் கிடைத்தது அவருக்கு உரியதுதான். நேர்மையின்மை இல்லை, ஆகவே திருட்டும் இல்லை. சட்டத்தின் கைக்கடிகார எடுத்துக்காட்டுகளில் இதுவும் ஒன்று: கடன் எதுவும் இல்லாதவர் கடைக்காரர் கையிலிருந்து தன் கடிகாரத்தைப் பலவந்தமாகப் பிடுங்கினால், அத்துமீறி நுழைந்ததற்கும் தாக்கியதற்கும் அவர் பொறுப்பாகலாம், திருட்டுக்கு ஆக மாட்டார்.

மாற்றிய சம்பவத்தில் ‘இ’ என்ன சொல்கிறது? வண்டி இன்னொருவர் கைவசம் இருந்தது, சம்மதம் இல்லை, எடுத்தார், ஆகவே திருட்டு என்கிறது. சட்டம் ‘இல்லை’ என்னும் இடத்தில் இந்தக் காரணம் ‘ஆம்’ என்கிறது. அப்படியானால் அது விதியே அல்ல, விதியின் ஒரு துண்டு. ‘ஈ’யை அதே சம்பவத்தில் வையுங்கள். ‘கூலிக்காகச் சட்டப்படி நிறுத்தி வைத்திருந்த’ என்பது பொய்யாகிவிடுகிறது, ‘நேர்மையற்ற’ என்பதும் பொய்யாகிவிடுகிறது, விடை தானாக விழுந்துவிடுகிறது. சம்பவம் மாறும்போது கூடவே மாறுகிற காரணம்தான் சரியான காரணம். சரியான விடை ஈ.

இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்தான் ஆகும். எந்தச் செய்தியை மாற்றுவது என்று தெரியாவிட்டால், ஒரு விடையில் இருந்து மற்றதில் இல்லாத சொல் எது என்று பாருங்கள். அந்தச் சொல்லோடு தொடர்புள்ள செய்தியைத்தான் மாற்ற வேண்டும்.

இன்னொரு மாற்றத்தையும் செய்து பார்க்கலாம். செல்வம் “நாளைக்குக் காலையில தந்துடறேன்” என்கிறார், தங்கராசு நம்பிச் சாவியைக் கொடுத்து அனுப்புகிறார், பணம் வரவே இல்லை. இப்போது தங்கராசே வண்டியைக் கொடுத்துவிட்டார். கேள்வி ஏமாற்றுதல் என்ற 318ஆம் பிரிவின் பக்கம் நகர்ந்துவிடுகிறது. அங்கேயும் ஒரு நெருக்கமான ஜோடி காத்திருக்கும். வாக்குக் கொடுக்கும்போதே தரக்கூடாது என்ற எண்ணம் இருந்ததா, அல்லது பிறகு கையில் பணம் இல்லாமல் போனதா? முதலாவதுதான் ஏமாற்றுதல். இரண்டாவது வெறும் பாக்கி. சம்பவத்தில் ஆரம்ப எண்ணத்துக்கு ஒரு வரியும் இல்லையென்றால், ‘ஏமாற்றுதல்’ என்ற விடையைத் தொடாதீர்கள்.

சரியான சட்டம், வேறு குற்றம்

திருட்டுக் கேள்வியில் பக்கத்துக் குற்றங்களும் விடைகளாக வந்து நிற்கும். அதிகம் குழப்புவது நம்பிக்கை மோசடி, அதாவது 316ஆம் பிரிவு. பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தன் வீட்டுக் கிடங்கில் மூட்டைகளைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஓர் ஆள் வைத்திருக்கிறார். அந்த ஆள் இரண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறார். இன்னொரு சமயம் அதே வியாபாரி வெளியூர் போகும்போது, மூட்டைகளை ஒரு வாடகைக் கிடங்குக்காரரிடம் ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைக்கிறார். கிடங்குக்காரர் அவற்றை விற்றுவிடுகிறார்.

இரண்டிலும் நம்பிப் பொருளை விட்டதாகத் தோன்றும். பிரிப்பது மறுபடியும் இரண்டாம் கேள்விதான். எடுக்கும் நேரத்தில் பொருள் யார் கைவசம்? வேலையாள் முதலாளிக்காக வைத்திருப்பது சட்டத்தின் பார்வையில் முதலாளி கைவசமே. அதனால் முதல் சம்பவம் திருட்டு. கிடங்குக்காரரிடம் ஒப்படைத்தபோது கைவசமே அவருக்கு மாறிவிட்டது. தன்னிடம் இருப்பதை ஒருவர் இன்னொருவர் கைவசத்திலிருந்து எடுக்க முடியாது, ஆகவே இரண்டாவது நம்பிக்கை மோசடி. சில்வர் பீச் மணலில் யாரோ தவறவிட்ட மோதிரத்தை ஒருவர் எடுத்து வைத்துக்கொண்டால், அது யார் கைவசமும் இல்லை, திருட்டு ஆகாது. கையாடலாக, 314ஆம் பிரிவின் கீழ், வரலாம்.

ஓர் எச்சரிக்கை. வேலையாள் செய்யும் நம்பிக்கை மோசடிக்கும் சட்டத்தில் தனி இடம் உண்டு. பணப்பெட்டிச் சாவியும் வரவு செலவுக் கணக்கும் ஒப்படைக்கப்பட்ட கணக்கர் விஷயத்தில் இரண்டுமே பொருந்துவது போல இருக்கும். அந்த இடத்தில் கேள்வி எதை அழுத்திச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ‘ஒப்படைத்தார்’, ‘பொறுப்பில் விட்டார்’ என்ற சொற்களுக்கு ஒரு முழு வரி ஒதுக்கப்பட்டிருந்தால், அது சும்மா வந்திருக்காது.

‘கொஞ்ச நேரத்துக்குத்தான் எடுத்தேன்’

விதியில் இல்லாததைச் சேர்க்கும் விடைகளில் இது ஒன்று அடிக்கடி வரும்: “திருட்டு அல்ல, ஏனெனில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லை.” ஆங்கிலேயச் சட்டத்தைப் படித்த தாக்கத்தில் இதைச் சரி என்று நினைப்பவர்கள் உண்டு. ஐந்து கேள்விகளில் நிரந்தரம் என்பது எங்கே இருக்கிறது? இல்லை. கே.என். மெஹ்ரா வழக்கில், 1957இல், அனுமதி இல்லாமல் விமானப்படை விமானத்தை எடுத்துச் சென்ற பயிற்சி வீரர் விஷயத்தில், தற்காலிகமாகப் பறித்தாலும் திருட்டாகும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பியாரே லால் பார்கவா வழக்கில், 1962இல், அலுவலகக் கோப்பு ஒன்றை எடுத்துப் போய்ச் சீக்கிரமே திருப்பிக் கொண்டுவந்து வைத்ததும் திருட்டாகவே முடிந்தது. வழக்கின் பெயர் மறந்தாலும் பரவாயில்லை. ‘நிரந்தரம்’ என்ற சொல்லைக் கண்டதும் அது விதியில் இருக்கிறதா என்று கேட்டாலே போதும்.

ஆனால் இதைத் தலைகீழாகத் திருப்பி, ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’, ‘மட்டுமே’ என்று வரும் விடைகளெல்லாம் தவறு என்று ஒரு குறுக்குவழி சொல்லித் தருகிறார்கள். நம்பாதீர்கள். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றம் ஆகாது என்பது 20ஆம் பிரிவு. அதற்கு விலக்கே இல்லை, அங்கே ‘ஒருபோதும்’ என்பது சரியான சொல். ஏழிலிருந்து பன்னிரண்டு வயது வரை என்றால்தான் குழந்தைக்கு விவரம் புரிந்திருந்ததா என்று பார்க்கிறோம். சொல் கடுமையாக இருக்கிறதா என்று பார்ப்பதை விட, விதி அவ்வளவு கடுமையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த விதியோடு உரசுவது

கிளாட் மாதிரியான நுழைவுத் தேர்வுகளில் விதியைப் பத்தியிலேயே கொடுத்துவிடுவார்கள். அங்கே கொடுத்த விதிதான் விதி. நடைமுறைச் சட்டம் வேறு மாதிரி இருப்பது உங்களுக்குத் தெரிந்திருந்தாலும், பத்தி சொல்வதை வைத்தே ஐந்தோ மூன்றோ கேள்விகளை எழுதுங்கள். நிறைய படித்தவர்கள் அதிகம் தவறு செய்வது இங்கேதான், பத்தியில் இல்லாத நிபந்தனையை அவர்களே சேர்த்துவிடுகிறார்கள்.

பார் தேர்வில் விதியை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். குறிப்புகள் எழுதப்படாத பேர் ஆக்ட் புத்தகத்தை உள்ளே அனுமதிப்பதால், கடைசி இரண்டில் சிக்கும்போது பிரிவின் வாசகத்தையே திறந்து பார்க்கலாம். எல்லாக் கேள்விக்கும் புத்தகத்தைப் புரட்டினால் 100 கேள்விக்கு நேரம் போதாது. மிஞ்சிய இரண்டு விடைகளில் வேறுபடும் அந்த ஒரு சொல்லை மட்டும் தேடுங்கள். பிரிவின் கீழ் உள்ள எடுத்துக்காட்டுகளையும் ஒரு பார்வை பாருங்கள், பாதி நேரம் விடை அங்கேயே இருக்கும். விடைகளில் பிரிவு எண் வந்தால், சம்பவம் 2024 ஜூலை 1க்கு முன்னா பின்னா என்று தேதியைக் கவனியுங்கள். முன்பு நடந்த திருட்டுக்குப் பழைய சட்டத்தின் எண்தான் பொருந்தும்.

எல்லாம் செய்தும் இரண்டு விடைகள் நின்றால், பார் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் விதியின் எந்தப் பகுதியையும் விடாத விடையைத் தொட்டுவிட்டு நகருங்கள். கிளாட் இளநிலைத் தேர்வில் ஒவ்வொரு தவறுக்கும் 0.25 போகும். அங்கேயும் இரண்டை உறுதியாக விலக்கியிருந்தால் மிச்சம் இரண்டில் ஒன்றைத் தொடுவது கணக்குப்படி லாபம்தான். விதியே நினைவுக்கு வராமல், ஒன்றையும் விலக்க முடியாமல் இருந்தால் மட்டும் கேள்வியை விட்டுவிடுங்கள்.